ஆறு வேலை, ஒரு தேதி: பெர்ட் முறையில் நாள் கணிப்பது எப்படி?

ஒரு சின்ன தனி வீடு கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் ஆகும் என்று பொறியாளர் விசாரிக்கிறார். அஸ்திவாரம், பேஸ்மென்ட் 18 நாள். செங்கல் கட்டு வேலை 20. சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, ரூஃப் கான்கிரீட் போட 11. கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டு, முட்டு பிரிக்கக் காத்திருப்பது 14. பூச்சு வேலை 20. டைல்ஸ், பெயின்ட் 15. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. கூட்டினால் 98 வேலை நாட்கள். வீட்டுக்காரர் உடனே காலண்டரை எடுத்து, 98-ஆம் நாளுக்குப் பிறகு வரும் முதல் முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் என்று மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்.

ஆறு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வேலைக்கு வழக்கமாக ஆகும் நாளைத்தான் சொன்னார்கள். ஆனாலும் அந்த வீடு 98 நாளில் முடிய இருக்கும் வாய்ப்பு ஏழில் ஒன்று கூட இல்லை. நேர்மையான ஆறு எண்களைக் கூட்டி இவ்வளவு மோசமான தேதி எப்படி வருகிறது? அதைக் கணக்கிட்டுக் காட்டுவதுதான் பெர்ட் முறை. (எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் வீட்டுக்கு வேறு எண்கள் வரும், கணக்கு மாறாது.)

1958-ல் அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக இந்த முறையை உருவாக்கியது. அதுவரை யாரும் செய்யாத வேலைகள் அவை. எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டால் ஒற்றை எண்ணைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அதனால் ஒரு எண்ணுக்குப் பதிலாக மூன்று எண்களைக் கேட்டார்கள்: எல்லாம் கூடிவந்தால் எத்தனை, வழக்கமாக எத்தனை, இழுத்தடித்தால் எத்தனை.

இந்த மூன்றையும் a, m, b என்று குறிப்பது வழக்கம். கேட்பது சுலபம்போலத் தோன்றினாலும் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அஸ்திவார வேலைக்கு ஒரு பொறியாளர் மேஸ்திரியிடம் கேட்பது இப்படி இருக்கலாம்:

"வானம் தோண்டி, பேஸ்மென்ட் போட்டு மண் நிரப்ப எத்தனை நாள் ஆகும் மேஸ்திரி?"

"பதினெட்டு நாள்ல முடிச்சிரலாம் சார்."

"மழை இல்ல, ஆள் முழுசா வருது, லோடு நேரத்துக்கு வந்துருது. அப்போ?"

"அப்படி அமைஞ்சா பன்னெண்டு நாளே போதும்."

"நீங்க பார்த்த அஸ்திவாரத்துலயே ரொம்ப இழுத்தது எது?"

"ஏரிக்கரை பக்கம் ஒண்ணு சார். குழியில ஊத்து வந்துருச்சு. மோட்டார் வச்சு இறைச்சுக்கிட்டே வேலை பார்த்தோம். நடுவுல எம்-சாண்ட் வேற கிடைக்கல. முப்பத்தாறு நாள் ஆயிருச்சு."

மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். "அதிகபட்சம் எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டிருந்தால் "இருபத்திரண்டு, இருபத்தஞ்சு" என்றுதான் பதில் வந்திருக்கும். வேலை கேட்டு வந்தவர் வேறு எப்படிச் சொல்வார்? நடந்து முடிந்த வேலையைப் பற்றிக் கேட்டதால் 36 வெளியே வந்தது. a, b இரண்டும் ஏறக்குறைய நூற்றில் ஒரு தடவை நடக்கக்கூடிய ஓரங்களாக இருக்க வேண்டும். பூகம்பம், ஊரடங்கு மாதிரியானவை இந்தக் கணக்கில் வராது.

இப்போது அஸ்திவாரத்துக்கு a = 12, m = 18, b = 36. நல்லபடியாக நடந்தால் 18-லிருந்து மிச்சமாவது 6 நாள். கெட்டுப்போனால் கூடுவது 18 நாள். தாமதத்தின் பக்கம் மூன்று மடங்கு நீளம். கட்டட வேலை என்றில்லை, பெரும்பாலான வேலைகளின் சுபாவம் இதுதான். சீக்கிரம் முடிவதற்கு ஓர் எல்லை உண்டு, தாமதத்துக்கு அவ்வளவு கறாரான எல்லை கிடையாது. ஆகவே இதே வேலையைப் பல தடவை செய்து சராசரி எடுத்தால் அது 18-க்கு மேலேதான் நிற்கும். அந்தச் சராசரியைத்தான் எதிர்பார்க்கும் காலம் என்கிறோம். அதற்கான சூத்திரம்:

```
te = (a + 4m + b) / 6
```

அஸ்திவாரத்துக்கு (12 + 72 + 36) / 6 = 20 நாள். மேஸ்திரி சொன்ன 18 அல்ல.

அடுத்து, இந்த 20 எவ்வளவு ஆட்டம் காணும் என்பதற்கு ஓர் அளவு வேண்டும். அதுதான் திட்ட விலக்கம்:

```
σ = (b - a) / 6
```

(36 − 12) / 6 = 4 நாள். அதாவது இந்த வேலை 20 நாளிலிருந்து முன்னேபின்னே 4 நாள் விலகுவது சகஜம். 8 நாள் விலகினால் அபூர்வம்.

ஆறால் வகுப்பது ஏன்? ஒரு பரவலின் இரு ஓரங்களுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஆறு திட்ட விலக்கம் அடங்கும் என்ற அனுமானம்தான். m-க்கு நான்கு மடங்கு எடை கொடுப்பது பீட்டா பரவல் என்ற வளைகோட்டின் சராசரியைத் தோராயமாகப் பிடிப்பதற்காக. இரண்டும் இயற்கை விதிகள் அல்ல, வசதிக்காக எடுத்துக்கொண்டவை. இந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான சார்லஸ் கிளார்க், வேலை நேரங்கள் உண்மையில் எப்படிப் பரவுகின்றன என்பது பற்றித் தன்னிடம் தகவல் இல்லை என்று 1962-ல் வெளிப்படையாகவே எழுதினார். சூத்திரத்தில் வரும் இரண்டாவது தசம இலக்கத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, ஆறு வேலைகளுக்கும் இதைச் செய்து பார்ப்போம். அட்டவணையின் கடைசி நெடுவரிசை σ-வின் வர்க்கம். பாடப்புத்தகத்தில் பரவற்படி என்று இருக்கும், புழக்கத்தில் வேரியன்ஸ்.

| வேலை | a | m | b | te | σ | வேரியன்ஸ் |
|---|---|---|---|---|---|---|
| அஸ்திவாரம், பேஸ்மென்ட் | 12 | 18 | 36 | 20 | 4 | 16 |
| கட்டு வேலை | 14 | 20 | 32 | 21 | 3 | 9 |
| சென்ட்ரிங், ரூஃப் கான்கிரீட் | 8 | 11 | 20 | 12 | 2 | 4 |
| தண்ணீர் விட்டு முட்டு பிரிப்பது | 14 | 14 | 14 | 14 | 0 | 0 |
| பூச்சு வேலை | 14 | 20 | 38 | 22 | 4 | 16 |
| டைல்ஸ், பெயின்ட் | 12 | 15 | 30 | 17 | 3 | 9 |

நான்காவது வரியில் மூன்று எண்களும் ஒன்றே. பொறியாளர் 14 நாள் என்று சொல்லிவிட்டால் அது 14 நாள்தான், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கான்கிரீட் தன் பாட்டுக்கு இறுகும். அதனால் அங்கே ஆட்டம் பூஜ்யம். எல்லா வேலைக்கும் வலுக்கட்டாயமாக மூன்று வெவ்வேறு எண் கொடுக்க வேண்டியதில்லை.

எதிர்பார்க்கும் காலங்களை அப்படியே கூட்டலாம்: 20 + 21 + 12 + 14 + 22 + 17 = 106 நாள். வழக்கமான நாட்களின் கூட்டுத்தொகை 98. இடையில் உள்ள 8 நாளை யாரும் திருடவில்லை. நான்காவதைத் தவிர ஒவ்வொரு வேலையிலும் ஓரிரு நாள் தாமதத்தின் பக்கம் சாய்ந்திருந்தது, ஐந்தும் சேர்ந்தபோது 8 ஆகிவிட்டது.

திட்ட விலக்கத்தை மட்டும் இப்படிக் கூட்டக்கூடாது. தொடக்கத்தில் எல்லோரும் சறுக்குகிற இடம் இது. σ-க்களைக் கூட்டினால் 4 + 3 + 2 + 0 + 4 + 3 = 16 வரும். ஆறு வேலையும் ஒரே சமயத்தில், ஒரே திசையில் விலகினால்தான் அந்த 16 பொருந்தும். நடப்பில் அஸ்திவாரம் இழுக்கும், கட்டு வேலை சீக்கிரம் முடியும், பூச்சு கொஞ்சம் இழுக்கும். ஒன்றின் தாமதத்தில் ஒரு பகுதியை இன்னொன்று ஈடுகட்டும். அதனால் வேரியன்ஸைக் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு தடவை வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அஸ்திவாரத்தின் 4-ஐயும் கட்டு வேலையின் 3-ஐயும் சேர்த்தால் 7 வராது. 16 + 9 = 25, வர்க்கமூலம் 5. பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கேதான்.

ஒன்றன்பின் ஒன்றாக வரும் இந்த ஆறு வேலைகளின் முழுப் பாதைக்கும்: 16 + 9 + 4 + 0 + 16 + 9 = 54. வர்க்கமூலம் 7.35 நாள்.

இப்போது கையில் இரண்டு எண்கள் உள்ளன: 106, 7.35. பல வேலைகளின் கூட்டுத்தொகை ஏறக்குறைய இயல்நிலைப் பரவலாக, அதாவது மணி வடிவ வளைகோடாக மாறும் என்பது புள்ளியியல் தரும் வசதி. ஆறு வேலை என்பது அதற்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் தோராயத்துக்குப் போதும். எக்செல்லில் இரண்டு வரி:

```
=NORM.DIST(98,106,7.35,TRUE)
=NORM.INV(0.9,106,7.35)
```

முதல் வரி, 98 நாளுக்குள் முடியும் வாய்ப்பைக் கேட்கிறது. விடை சுமார் 0.14. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த தேதி நூற்றுக்குப் பதினான்கு. 106-ஆம் நாளுக்குள் முடியும் வாய்ப்பும் பாதிக்குப் பாதிதான், அதை நம்பியும் பத்திரிகை அடிக்க முடியாது. இரண்டாவது வரி திருப்பிக் கேட்கிறது: 90 விழுக்காடு நம்பிக்கை வேண்டுமானால் எந்த நாளைச் சொல்லலாம்? விடை 115.4, அதாவது 116-ஆம் வேலை நாள். எக்செல் இல்லாதவர்கள் 106 + 1.28 × 7.35 என்று கையாலேயே போடலாம்.

எதற்கு வம்பு என்று எல்லா b-க்களையும் கூட்டி 170 நாள் என்று சொல்பவர்களும் உண்டு. ஆறு வேலையும் நூற்றில் ஒரு தடவை நடக்கும் மோசமான நிலையை ஒரே வீட்டில் சந்திக்க வேண்டும் என்பது அதன் பொருள். அவ்வளவு கெட்ட நேரம் யாருக்கும் வராது. 98-க்கும் 170-க்கும் நடுவே 116 என்று ஒரு நியாயமான எண்ணைத் தருவதுதான் இந்தக் கணக்கின் பயன்.

வேரியன்ஸ் நெடுவரிசை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. மொத்தம் 54-இல் அஸ்திவாரமும் பூச்சு வேலையும் மட்டுமே 32. ரூஃப் கான்கிரீட் அன்று எல்லோரும் பதற்றமாக ஓடுவதைப் பார்த்தால் அதுதான் பெரிய ஆபத்து என்று தோன்றும். அதன் பங்கு வெறும் 4. அந்த ஆட்டத்தை முழுக்கத் துடைத்துவிட்டாலும் பாதையின் σ 7.35-லிருந்து 7.07-க்குத்தான் இறங்கும். மாறாக, பூச்சு வேலைக்கு ஆட்களை முன்கூட்டியே பேசி வைத்து b-யை 38-லிருந்து 26-க்குக் கொண்டுவர முடிந்தால், அந்த வேலையின் te 20 ஆகும், வேரியன்ஸ் 4 ஆகும். பாதை 104 நாள், σ 6.48. 90 விழுக்காட்டுத் தேதி 113-ஆம் நாளுக்கு வந்துவிடும். யாரையும் வேகமாக வேலை செய்யச் சொல்லாமலே மூன்று நாள் கிடைக்கிறது.

இவ்வளவு நேரம் கணக்கு சமர்த்தாக நடந்தது. இது எங்கே ஏமாற்றும் என்றும் பார்க்க வேண்டும். என் கணிப்பில் முதல் குற்றவாளி b தான். "நூற்றில் ஒரு தடவை" என்று கேட்டாலும் மனிதர்கள் சொல்வது பெரும்பாலும் பத்தில் ஒரு தடவை நடக்கும் மோசம். a-யும் அப்படியே. அப்படியானால் a-க்கும் b-க்கும் இடையே ஆறு திட்ட விலக்கம் இல்லை, சுமார் 2.6 தான் இருக்கிறது. வகுக்க வேண்டியது 2.6-ஆல். அஸ்திவாரத்தின் σ 4 அல்ல, 9-க்கு மேல். எல்லா வேலையிலும் இதே தவறு நடந்திருந்தால், சராசரி 106-ஐ அப்படியே வைத்தாலும் பாதையின் σ 17-ஐத் தொடும், 90 விழுக்காட்டுத் தேதி 128-ஆம் நாளுக்குப் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஏற்கெனவே முடித்த வேலைகளின் பழைய கணிப்பையும் உண்மையில் ஆன நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இருபது வேலையில் நான்கைந்து b-யைத் தாண்டியிருந்தால் அந்த b நூற்றில் ஒன்று அல்ல.

இரண்டாவது, வேலைகள் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானம். வேரியன்ஸை மட்டும் கூட்டினால் போதும் என்று சொன்னது இந்த நிபந்தனையின் பேரில்தான். நம் வீட்டில் அஸ்திவாரம், கட்டு வேலை, பூச்சு மூன்றையும் ஒரே மேஸ்திரியின் ஆட்கள் செய்கிறார்கள் என்றால்? அவர் வேறு இரண்டு சைட்டையும் கையில் வைத்துக்கொண்டு ஓடுபவர் என்றால் மூன்றுமே சேர்ந்து இழுக்கும். ஒன்று இன்னொன்றை ஈடுகட்டாது. மூன்றும் முழுக்க ஒன்றாகவே அசையும் என்று கடைசி எல்லைக்குப் போய்ப் பார்ப்போம். அப்போது இந்த மூன்றின் σ-க்களை நேராகக் கூட்ட வேண்டும்: 4 + 3 + 4 = 11, வர்க்கம் 121. மற்றவற்றின் 4 + 0 + 9 சேர்த்தால் 134, வர்க்கமூலம் 11.6. 116-ஆம் நாள் 121-ஆம் நாளாகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையும் இதே வேலையைத்தான் செய்யும், வெளியே நடக்கும் எல்லா வேலையையும் ஒரே வீச்சில் தாமதப்படுத்தும். உண்மை நிலவரம் 7.35-க்கும் 11.6-க்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

மூன்றாவதுதான் நுட்பமானது. இதுவரை ஒரே பாதையைப் பார்த்தோம். பக்கத்திலேயே தச்சர் வேலை ஓடுகிறது. வாசல் நிலைகளைக் கட்டு வேலையின்போதே வைத்துவிடுவார்கள், நான் சொல்வது கதவுகளையும் ஜன்னல் கதவுகளையும். மரம் வாங்கி, அறுத்து, இழைத்து, கதவு தயாராகி வர a = 50, m = 77, b = 122. கணக்குப் போட்டால் te 80, σ 12. டைல்ஸ், பெயின்ட் என்ற கடைசிக் கட்டம் பூச்சும் முடிந்து கதவும் வந்த பிறகே தொடங்கும் என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறார்.

கட்டட வேலைகளின் பாதையில் பூச்சு முடிய 89 நாள், வேரியன்ஸ் 45, σ 6.7. தச்சர் பாதை 80 நாள்தான். ஆகவே நீளமான கட்டடப் பாதையே முடிவு நாளைத் தீர்மானிக்கும் கிரிட்டிக்கல் பாத், தச்சருக்கு 9 நாள் சாவகாசம் இருக்கிறது என்று பெர்ட் சொல்லிவிட்டு அவரை மறந்துவிடும். ஆனால் 89-ஆம் நாள் கடைசிக் கட்டம் தொடங்க இரண்டும் தயாராக இருக்க வேண்டும். பூச்சு அதற்குள் முடியும் வாய்ப்பு 50 விழுக்காடு. கதவு அதற்குள் வரும் வாய்ப்பு 77. இரண்டும் சேர்ந்து நடக்க 0.50 × 0.77, அதாவது 39 விழுக்காடுதான். பாதிக்குப் பாதி என்று நினைத்திருந்தது ஐந்தில் இரண்டாகக் குறைந்துவிட்டது. பல பாதைகள் வந்து சேரும் இடங்களில் பெர்ட் எப்போதும் இப்படி நம்பிக்கையாகவே பேசும். சேரும் பாதைகள் கூடக்கூட ஏமாற்றமும் கூடும்.

அதனால் கிரிட்டிக்கல் பாத்துக்கு அடுத்து நிற்கும் பாதையை, அதுவும் σ பெரிதாக உள்ள பாதையை, தனியாகக் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம். இரண்டு பாதை என்றால் மேலே செய்ததுபோல வாய்ப்புகளைப் பெருக்கினால் போதும். பாதைகள் பின்னிப் பிணைந்திருந்தால் கையால் முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் அதன் பரவலிலிருந்து ஏதோ ஒரு நாளை எடுத்து, வீட்டைக் கணினியில் ஆயிரக்கணக்கான தடவை கட்டிப் பார்ப்பார்கள். மான்டே கார்லோ என்று அதற்குப் பெயர்.

இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டு ஃபைலில் வைத்துவிடுவதும் வழக்கமாக நடக்கிறது. ஒரு வேலை முடிந்ததும் அதன் ஆட்டம் போய்விடுகிறது, உண்மை நாள் வந்துவிடுகிறது. உதாரணமாக அஸ்திவாரம் 24 நாளில் முடிந்தது என்று வைப்போம். எதிர்பார்த்ததைவிட 4 நாள் கூடுதல். மீதி ஐந்து வேலைக்கு te 86, வேரியன்ஸ் 38, σ 6.16. தச்சரை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டால் வீடு முடிய எதிர்பார்க்கும் நாள் 106-லிருந்து 110 ஆகிறது. வீட்டுக்காரரிடம் சொன்ன 116-ஐக் காப்பாற்றும் வாய்ப்பு 90-க்குச் சற்று மேலிருந்து 83 விழுக்காடாக இறங்குகிறது. நான்கு நாள் தாமதம் என்று மேஸ்திரியிடம் சண்டை பிடிக்க வேண்டிய அவசியம் இன்னும் வரவில்லை. பூச்சு வேலைக்கு ஆள் பேசி வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.